சிறு மெஷின் பட்டறைக்கு த்ரூபுட் கணக்கு: எந்த ஆர்டரை முதலில் ஓட்டுவது?

பொதுவாக எல்லாப் பட்டறையிலும் கணக்கு ஒரே மாதிரிதான் போடுகிறார்கள். மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி, மெஷின் நிமிடங்களால் வகுத்து, 'நிமிடத்துக்கு இத்தனை ரூபாய்' என்று ஒவ்வொரு பொருளின் தலையிலும் ஏற்றுகிறோம். மிச்சம் நிற்பது அந்தப் பொருளின் லாபம். கொட்டேஷன் கொடுக்க இது வசதிதான். ஆனால் கையில் உள்ள ஆர்டர் அத்தனையையும் முடிக்க மெஷின் போதாத மாதத்தில், எதை ஓட்டுவது, எதைத் தள்ளுவது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு தலைகீழான பதிலைத் தரக்கூடும். அங்கேதான் த்ரூபுட் கணக்கு தேவைப்படுகிறது.

கீழே வருவது பம்ப் பாகங்களுக்கு மெஷினிங் செய்யும் ஒரு மாதிரிப் பட்டறை. இரண்டு சி.என்.சி. லேத், ஒரு வி.எம்.சி., ஒரே ஷிஃப்ட். ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங், ஃப்ளாஞ்ச் என்று மூன்று பொருள். எண்கள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக வைத்தவை. உங்கள் எண்களை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

## 1. முதலில் எடுத்துவைக்க வேண்டிய தாள்கள்

கடந்த 3 மாதத்து விற்பனை பில், மெட்டீரியல் வாங்கிய பில், ஜாப் ஒர்க் பில், சம்பளப் பட்டியல், வாடகை, கரண்ட் பில், இ.எம்.ஐ. விவரம். இவ்வளவும் ஆடிட்டருக்குக் கொடுக்கும் கோப்பிலேயே இருக்கும். விலைகளை ஜி.எஸ்.டி. நீக்கி எழுதுங்கள். உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்பவர் என்றால் வாங்கும் விலையிலும் ஜி.எஸ்.டி. சேரக் கூடாது. ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கம் விட்டுவிடுவதுதான் முதல் நாளே நடக்கும் தவறு.

கோப்பில் இல்லாதது ஒன்று உண்டு: ஒவ்வொரு மெஷினும் உண்மையில் எத்தனை நிமிடம் ஓடியது என்ற பதிவு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பொருள், ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், எத்தனை பீஸ், நின்றிருந்தால் ஏன் என்று ஐந்து கட்டம் போட்டு, இரண்டு வாரம் ஆபரேட்டரே எழுதட்டும். மெஷின் திரையில் தெரியும் சைக்கிள் டைமை மட்டும் நம்பாதீர்கள். பீஸை மாட்டுவதும் கழற்றுவதும் ஊதிச் சுத்தம் செய்வதும் அதில் வராது. 3 நிமிட சைக்கிள் கைக்கணக்கில் 4 நிமிடம் ஆவது சாதாரணம்.

## 2. செலவை இரண்டாகப் பிரித்தல்

இங்கே ஒரே ஒரு கேள்விதான்: இன்னும் ஒரு பீஸ் செய்தால் இந்தச் செலவு கூடுமா?

கூடும் என்றால் அது அந்தப் பீஸோடு போகும் செலவு. ஷாஃப்டுக்கு இ.என்.8 ராடு ₹165, வெளியே இண்டக்ஷன் ஹார்டனிங் ₹40, பேக்கிங்கும் வண்டியும் ₹15, ஆக ₹220. ஹவுசிங்குக்கு காஸ்டிங் ₹440, பெயின்ட்டும் பேக்கிங்கும் ₹30, வண்டி ₹20. சுருள் இரும்பை விற்றுக் கிடைக்கும் ₹10-ஐக் கழித்தால் ₹480. விற்கும் விலையிலிருந்து இதைக் கழித்து மிஞ்சுவதே த்ரூபுட்.

மற்றதெல்லாம் பட்டறையை நடத்தும் செலவு. மாதச் சம்பளம், வாடகை, இ.எம்.ஐ., கரண்ட், ஆபீஸ், டீ வரை எல்லாம் சேர்ந்து இந்தப் பட்டறைக்கு மாதம் ₹2,88,000. இதை எந்தப் பொருளின் மீதும் ஏற்றுவதில்லை. மாதக் கடைசியில் மொத்த த்ரூபுட்டிலிருந்து ஒரே தடவையாகக் கழிக்கிறோம்.

சம்பளத்தில்தான் குழப்பம் வரும். ஆபரேட்டருக்கு மாதச் சம்பளம் என்றால் அவர் 40 பீஸ் போட்டாலும் 50 பீஸ் போட்டாலும் உங்கள் கையை விட்டுப் போவது ஒரே தொகைதான். அது நடத்தும் செலவு. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் அது பீஸோடு போகும் செலவு. கரண்டும் அப்படியே: மெஷினிங் பட்டறையில் பெரும்பாலும் நடத்தும் செலவாகவே விட்டுவிடலாம். ஃபர்னஸ் வைத்து உருக்குபவர் அப்படி விட முடியாது.

## 3. பாட்டில்நெக் எது?

நேரம் போதாமல் மொத்த உற்பத்தியையும் கட்டிப்போடும் மெஷின்தான் பாட்டில்நெக். ஒவ்வொரு மெஷினிலும் மாதம் உண்மையில் கிடைக்கும் நிமிடம் எவ்வளவு, கையில் உள்ள ஆர்டர் எல்லாவற்றுக்கும் தேவை எவ்வளவு என்று பாருங்கள். 25 நாள், நாளுக்கு 480 நிமிடம் என்றால் ஒரு மெஷினுக்கு 12,000. செட்டிங், டூல் மாற்றம், கரண்ட் போவது, சாப்பாடு என்று நோட்டுப் புத்தகம் 20 சதவீதத்தைத் தின்றுவிட்டதாகக் காட்டினால் மிச்சம் 9,600. வி.எம்.சி. ஒன்று, எனவே 9,600 நிமிடம். லேத் இரண்டு, எனவே 19,200.

| | ஷாஃப்ட் | ஃப்ளாஞ்ச் | ஹவுசிங் |
|---|---|---|---|
| விற்கும் விலை | ₹400 | ₹520 | ₹900 |
| பீஸோடு போகும் செலவு | ₹220 | ₹340 | ₹480 |
| த்ரூபுட் | ₹180 | ₹180 | ₹420 |
| லேத் நிமிடம் | 12 | 8 | 10 |
| வி.எம்.சி. நிமிடம் | 4 | 5 | 14 |
| மாத ஆர்டர் | 700 | 400 | 500 |

எல்லா ஆர்டரையும் முடிக்க லேத்துக்கு 16,600 நிமிடம் வேண்டும், இருப்பது 19,200. வி.எம்.சி.க்கு 11,800 வேண்டும், இருப்பது 9,600. ஆக, வி.எம்.சி.தான் பாட்டில்நெக்.

கணக்கு சொல்வதைக் கண்ணாலும் சரிபாருங்கள். எந்த மெஷினுக்கு முன்னால் ட்ரே ட்ரேயாகப் பாதி முடிந்த சரக்கு காத்துக் கிடக்கிறதோ, பார்ட்டி போன் செய்து கேட்கும்போது 'அந்த மெஷின்ல நிக்குது சார்' என்று எதைச் சொல்கிறீர்களோ, அது கணக்கில் வந்த மெஷினாகவே இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நிமிடப் பதிவில் பிழை இருக்கிறது. இல்லாவிட்டால் லேத்தில் அளவுக்கு மீறிப் பெரிய பேட்ச் போட்டு, தேவையில்லாத குவியலை நீங்களே உண்டாக்கியிருக்கிறீர்கள்.

## 4. பாட்டில்நெக் நிமிடத்துக்கு எவ்வளவு?

முதலில் பழைய முறையில் போட்டுப் பார்ப்போம். ₹2,88,000-ஐ மொத்த 28,800 மெஷின் நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு ₹10. ஷாஃப்ட் 16 நிமிடம் எடுக்கிறது. அடக்கவிலை ₹380, லாபம் ₹20. ஃப்ளாஞ்சுக்கு 13 நிமிடம். அடக்கம் ₹470, லாபம் ₹50. ஹவுசிங்குக்கு 24 நிமிடம்; அடக்கம் ₹720, லாபம் ₹180. ஹவுசிங்தான் ராஜா, ஷாஃப்ட் சும்மா ஒப்புக்கு ஓடுகிறது என்று தோன்றும்.

இப்போது த்ரூபுட்டை வி.எம்.சி. நிமிடத்தால் மட்டும் வகுங்கள். எக்செலில் விலை B, பீஸோடு போகும் செலவு C, வி.எம்.சி. நிமிடம் D என்று வைத்தால்:

```
=(B2-C2)/D2
```

ஷாஃப்டுக்கு ₹45, ஃப்ளாஞ்சுக்கு ₹36, ஹவுசிங்குக்கு ₹30. வரிசை அப்படியே கவிழ்ந்துவிட்டது. ஹவுசிங் ஒரு பீஸில் ₹420 தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்காக வி.எம்.சி.யை 14 நிமிடம் பிடித்துக்கொள்கிறது. அதே 14 நிமிடத்தில் மூன்று ஷாஃப்ட் முடித்து ₹540 பார்த்துவிடலாம், மேலே 2 நிமிடமும் மிஞ்சும். பழைய கணக்கு இதைக் காட்டாததற்குக் காரணம், அது லேத் நிமிடத்தையும் வி.எம்.சி. நிமிடத்தையும் ஒரே ₹10 ஆகப் பார்ப்பதுதான். லேத்தில் நேரம் மிச்சம் கிடக்கிறது; அங்கே ஒரு நிமிடம் போனால் ஒன்றும் போவதில்லை. வி.எம்.சி.யில் போன நிமிடம் திரும்பி வராது.

இரண்டு வரிசையிலும் மாதத்தை ஓட்டிப் பார்த்துவிடலாம். பழைய வரிசைப்படி முதலில் ஹவுசிங் 500, அடுத்து ஃப்ளாஞ்ச் 400. மிச்சம் 600 நிமிடத்தில் ஷாஃப்ட் 150 மட்டுமே முடியும். மொத்த த்ரூபுட் ₹3,09,000. நடத்தும் செலவு போக ₹21,000. புதிய வரிசைப்படி ஷாஃப்ட் 700, ஃப்ளாஞ்ச் 400, மிச்சம் 4,800 நிமிடத்தில் ஹவுசிங் 342. மொத்த த்ரூபுட் ₹3,41,640, கையில் ₹53,640. அதே ஆட்கள், அதே மெஷின், அதே வாடகை.

வரிசை போட்டவுடன் ஹவுசிங் பார்ட்டியைக் கழற்றிவிடாதீர்கள். அவரே ஷாஃப்டும் வாங்குபவராக இருந்தால் இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஒப்புக்கொண்ட தேதி இருந்தால் அந்த எண்ணிக்கையை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்ச நிமிடத்துக்கு மட்டும் வரிசை போடுங்கள்.

இன்னொரு பொறி, பாடப்புத்தகத்தில் வரும் விகிதம். நடத்தும் செலவை வி.எம்.சி. நிமிடத்தால் வகுத்தால் 2,88,000 / 9,600, அதாவது ₹30. பொருளின் நிமிட வரவை இதால் வகுத்தால் ஷாஃப்டுக்கு 1.5, ஃப்ளாஞ்சுக்கு 1.2, ஹவுசிங்குக்குச் சரியாக 1. 'ஒன்றுக்குக் கீழே போனால் நஷ்டம், நிறுத்து' என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். ஹவுசிங் விலை ₹20 குறைந்தால் விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும். அதற்காக ஹவுசிங்கை நிறுத்தினால் அந்த 4,800 நிமிடமும் வி.எம்.சி. சும்மா நிற்கும், பீஸுக்கு வந்துகொண்டிருந்த ₹400-ம் போகும். வாசல் வழியே அனுப்பிய செலவுப் பங்கீட்டைக் கொல்லைப்புறம் வழியே உள்ளே விடும் வேலை இது. எதை முதலில் ஓட்டுவது என்பதற்கு மட்டும் விகிதத்தைப் பயன்படுத்துங்கள்.

## 5. பாட்டில்நெக்கை விடுவித்தல்: முதலில் செலவில்லாதது, பிறகு செலவுள்ளது

செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய. சாப்பாட்டு நேரத்தில் லேத் ஆபரேட்டர் ஒருவர் வி.எம்.சி.யைப் பார்த்துக்கொண்டால் நாளுக்கு 30 நிமிடம், மாதம் 750 நிமிடம் மீளும். முடியாமல் நிற்கும் ஹவுசிங்கை அதில் ஓட்டினால் நிமிடம் ₹30 கணக்கில் ₹22,500. அடுத்த வேலைக்கான ஃபிக்ஸ்சரையும் டூலையும் மெஷின் ஓடும்போதே எடுத்து வைத்துவிடுவது இன்னொன்று.

காஸ்டிங்கில் ப்ளோ ஹோல் இருக்கிறதா என்பதை வி.எம்.சி.க்குப் போகும் முன்பே, லேத்தில் முதல் கட் எடுத்ததும் பார்த்துவிடுங்கள். அங்கேயே கழித்தால் காஸ்டிங்கோடு போயிற்று. பல ஃபவுண்டரிகள் மாற்றியும் கொடுக்கும். 14 நிமிடம் வி.எம்.சி.யில் ஓடிய பிறகு கழித்தால் காஸ்டிங்கும் போகிறது, அந்த நிமிடங்கள் கொண்டுவந்திருக்கக்கூடிய ₹420-ம் போகிறது.

அடுத்தது செலவுள்ள வழி. ஹவுசிங்கின் 14 நிமிடத்தில் 6 நிமிடம் ஆறு போல்ட் துளை போட்டு டேப் செய்வதற்குப் போகிறது. போர் அளவு போல அவ்வளவு நுணுக்கம் அதற்குத் தேவையில்லை. ஜிக் வைத்து வெளியே ட்ரில்லிங் மெஷினில் செய்துவிடலாம். போக்குவரத்தும் சேர்த்துப் பீஸுக்கு ₹90 கேட்கிறார்கள்.

பழைய கணக்கு சொல்லும்: உள்ளே செய்தால் 6 நிமிடம், ₹60 தானே, வெளியே ₹90 எதற்கு? த்ரூபுட் கணக்கு வேறு மாதிரி கேட்கும்: விடுபடும் 6 நிமிடத்தில் என்ன வரும்? இப்போது முடிக்க முடியாமல் நிற்பது 158 ஹவுசிங். எனவே விடுபடும் நிமிடத்துக்கு ₹30 வீதம் ₹180. அதற்கு ₹90 கொடுப்பது தாராளமாகத் தகும்.

எத்தனை அனுப்புவது? 500-ம் முடிய வேண்டும் என்றால் 367 பீஸை வெளியே அனுப்பினால் போதும். 133 பீஸ் பழையபடி உள்ளேயே. கூடுதலாக 158 ஹவுசிங்கின் த்ரூபுட் ₹66,360, வெளிக்கூலி ₹33,030, நிகர வரவு ₹33,330. மாத மிச்சம் ₹86,970 ஆகிறது. அதற்கு மேல் 368-வது பீஸை அனுப்பினால் ₹90 வீண். ஏனென்றால் ஆர்டர் தீர்ந்துவிட்டது, விடுபடும் நிமிடத்துக்கு வேலை இல்லை. 'ட்ரில்லிங் இனிமேல் வெளியேதான்' என்று மொத்தமாக முடிவெடுத்துவிட்டு இந்த எண்ணிக்கையை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும்.

வெளியே அனுப்பும்போது ஜாப் ஒர்க்குக்கான டெலிவரி சலான் போட்டு அனுப்புங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி இப்படி அனுப்பும் சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும். போர் முடித்த பீஸைத்தான் அனுப்புகிறீர்கள் என்பதால், அங்கே துளை விலகினால் உங்கள் 8 வி.எம்.சி. நிமிடமும் சேர்ந்தே போகும். ஜிக்கை நீங்களே செய்து கொடுங்கள். முதல் பத்துப் பீஸை அளந்து பார்த்த பிறகே மிச்சத்தை அனுப்புங்கள்.

## 6. குறைந்த விலை ஆர்டர் வந்தால்

ஒருவர் புஷ் கேட்கிறார். விலை ₹95, மெட்டீரியல் ₹60, லேத்தில் 5 நிமிடம், வி.எம்.சி. வேலையே இல்லை. பழைய கணக்கில் அடக்கவிலை ₹110. பீஸுக்கு ₹15 நஷ்டம் என்று திருப்பி அனுப்பிவிடுவோம். த்ரூபுட் கணக்கில் பீஸுக்கு ₹35 வரவு. நடத்தும் செலவு ஒரு ரூபாயும் கூடவில்லை. 500 புஷ் என்றால் ₹17,500.

எடுக்கலாம்தான். ஆனால் லேத்தைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். ட்ரில்லிங்கை வெளியே அனுப்பி எல்லா ஹவுசிங்கையும் முடிப்பதாக ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டோம். எனவே லேத் 16,600 நிமிடம் ஓடுகிறது, மிச்சம் 2,600. 500 புஷ் 2,500 நிமிடத்தைப் பிடித்துக்கொள்ளும். தாளில் இடம் இருக்கிறது. நடைமுறையில் 99 சதவீதத்துக்கு மேல் ஏற்றிய லேத் ஒருநாள் நின்றாலே வி.எம்.சி.க்குச் சரக்கு வராது. நிமிடத்துக்கு ₹7 தரும் புஷ்ஷுக்காக ₹30 தரும் நிமிடம் காத்துக் கிடக்கும். 250 புஷ்ஷோடு நிறுத்தினால் லேத் 93 சதவீதத்தில் நிற்கும், மூச்சுவிட இடம் இருக்கும். இதுவே ட்ரில்லிங்கை வெளியே அனுப்பாத மாதம் என்றால் லேத் 15,020 நிமிடம்தான் ஓடியிருக்கும். 500 புஷ்ஷையும் எடுத்திருக்கலாம். தனித்தனியே பார்த்தால் சரியாக இருக்கும் இரண்டு முடிவுகள் சேர்ந்தால் இடிக்கும் என்பதால், ஒவ்வொரு முடிவுக்குப் பிறகும் 3-ம் படியின் நிமிடக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

லேத்தும் உண்மையிலேயே நிரம்பிவிட்டால் 'நிமிடத்துக்கு எவ்வளவு' என்ற ஒற்றை வரிசை செல்லாது. இரண்டு மெஷினின் வரம்பையும் ஒன்றாக வைத்து எக்செல் சால்வரில்தான் போட வேண்டும்.

₹95 என்பது இந்த மாதத்து மிச்ச நேரத்துக்கான விலை. அதை ஆண்டு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். எல்லா ஆர்டரையும் இப்படியே வாங்கினால் ₹2,88,000-ஐ எடுக்க ஆளிருக்காது. அடுத்த லேத் வாங்கும் நாளில் அந்த இ.எம்.ஐ.யைச் சுமக்க இந்த ₹35 போதாது.

## 7. மாதக் கடைசிச் சரக்கும் ஆடிட்டரும்

த்ரூபுட் கணக்கில் பாதி முடிந்த சரக்கின் மதிப்பு மெட்டீரியல் விலை மட்டும்தான். ஆடிட்டரின் கணக்கில் அப்படி இல்லை. கணக்கியல் தரம் ஏ.எஸ். 2 சொல்வது, நிலையான உற்பத்திச் செலவையும் சாதாரண உற்பத்தித் திறன் அடிப்படையில் சரக்கின் மீது ஏற்ற வேண்டும் என்று. அதை நீங்கள் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். த்ரூபுட் கணக்கு பட்டறைக்குள் முடிவெடுக்க. பேலன்ஸ் ஷீட் ஏ.எஸ். 2 படி.

ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருங்கள். லேத் சும்மா நிற்கிறதே என்று இந்த மாதம் 200 ஹவுசிங்கை அடுத்த மாதத்துக்காகக் கடைந்து வைக்கிறீர்கள் என்று வைப்போம். ஆபீஸ் செலவை நீக்கி, நிலையான உற்பத்திச் செலவு நிமிடத்துக்கு ₹8 என்றால் பீஸுக்கு ₹80, மொத்தம் ₹16,000. இந்த மாதச் செலவு சரக்கின் மதிப்புக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, லாபம் ₹16,000 கூடியதாகத் தெரிகிறது. விற்றது ஒரு பீஸும் கூடவில்லை. மாறாக, 200 காஸ்டிங்குக்கு ₹88,000 கையை விட்டுப் போயிருக்கிறது. லாபம் ஏறியும் வங்கியில் பணம் இறங்கும் மாதங்களில் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது, வி.எம்.சி. முன்னால் நிற்கும் ட்ரேக்களை.

இரண்டையும் இணைக்க ஒரு தாள் போதும். மேலே த்ரூபுட் கணக்கின் லாபம். அதோடு மாதக் கடைசிச் சரக்கில் ஏறிய உற்பத்திச் செலவைக் கூட்டி, மாத ஆரம்பச் சரக்கில் இருந்ததைக் கழியுங்கள். வருவது ஆடிட்டரின் லாபமாக இருக்க வேண்டும். பாதி முடிந்த சரக்கை மாதத்தின் கடைசி நாள் மாலை, எந்த மெஷின் வரை முடிந்தது என்று பிரித்து எண்ணி எழுதிவைத்தால் இந்தத் தாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. எண்ணாமல் விட்டால் மூன்று மாதம் கழித்து இரண்டு லாபமும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று எந்தத் தாளிலும் கண்டுபிடிக்க முடியாது.